மூன்றே மூன்று துடிப்பு: இரண்டு வருடமாக நாடியைக் குறித்து வைத்ததில் தெரிந்தது

நடையையும் நாடியையும் அளக்கும் பட்டையைக் கையில் கட்டத் தொடங்கியது நடைக்கணக்குக்காகத்தான். நாலைந்து மாதம் போன பிறகு, ஓய்வில் இருக்கும்போது எடுத்த நாடித்துடிப்பின் வரைபடம் மாதம் ஒரு முறை மெல்ல ஏறி இறங்குவதைக் கவனித்தேன். பீரியட்ஸ் தேதிகளை அதன் மேல் குறித்துப் பார்த்தால், ஏற்றம் ஒவ்வொரு முறையும் சுழற்சியின் பின்பாதியில்தான் விழுந்தது. அன்றிலிருந்து இரண்டு வருடமாகத் தினமும் எழுதி வைக்கிறேன்.

கருமுட்டை வெளியேறிய பின் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடுகிறது. உடல் வெப்பம் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறது, நாடியும் கூடவே இரண்டு முதல் நான்கு துடிப்பு ஏறுகிறது. அடுத்த மாதவிடாய் தொடங்கும் சமயத்தில் இரண்டும் இறங்கிவிடும். மாடிப்படி ஏறினாலே நாற்பது துடிப்பு கூடும் உடம்பில் இந்த மூன்றைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

முதலில் விரலால் எண்ணிப் பார்த்தேன். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது வழக்கம். அப்படி எண்ணினால் 60 வரும், இல்லையென்றால் 64 வரும்; நடுவில் எதுவும் வராது. நான் தேடும் வித்தியாசமே அந்த இடைவெளிக்குள் மறைந்துவிடுகிறது. எண்ணுவதானால் எழுந்து உட்காருவதற்கு முன்பே, படுத்தபடி, முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பட்டையிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. பகலில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தையும் சேர்த்து ஓர் எண், தூக்கத்தில் மட்டும் எடுத்தது இன்னோர் எண். நான் தூக்கத்தில் எடுத்ததை மட்டும் வைத்துக்கொண்டேன். நடுவில் ஒரு அப்டேட் வந்ததும் எல்லா எண்ணும் இரண்டு குறைந்தது. அந்த மாதத்தைக் கோடு போட்டுப் பிரித்துவிட்டேன்.

என் நோட்டில் இருந்து 29 நாள் சுழற்சி ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள் வரை 61, 60, 62, 61, 61, 60, 62. பத்தொன்பதிலிருந்து இருபத்தைந்து வரை 64, 65, 64, 63, 65, 64, 64. முதல் வாரத்தின் சராசரி 61, பின் வாரத்தினுடையது 64. ஆனால் முதல் வாரத்தின் 62-ஐயும் பின் வாரத்தின் 63-ஐயும் தனியாக எடுத்து வைத்தால் ஒரு துடிப்புதான் வித்தியாசம். ஒரு நாள் எண்ணைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது என்பதை இதைப் பார்த்துத்தான் நான் நம்பினேன்.

இன்னொரு மாதம் ஆறாம் நாள் காய்ச்சல், அன்று 72. சராசரி எடுத்தால் அந்த ஒரு நாள் வாரத்தையே தூக்கிவிடும். அதனால் ஏழு எண்ணையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுக்கப் பழகிக்கொண்டேன். அப்படிப் பார்த்தால் 61 அசையவே இல்லை. தாமதமாகச் சாப்பிட்டுப் படுத்த இரவு, சித்திரை மாதத்தில் கரண்ட் போய் வியர்த்த இரவு, இதற்கெல்லாம் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுவேன். அந்தப் புள்ளிகள் இல்லாவிட்டால் இந்த நோட்டால் பயன் இல்லை.

ஒரு முறை ஏற்றமே வரவில்லை. நாற்பத்தொரு நாள் கழித்துத்தான் மாதவிடாய் வந்தது. அந்த மாதம் கருமுட்டை வெளியேறவில்லை போலிருக்கிறது. கர்ப்பத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இந்த ஏற்ற இறக்கம் மங்கிவிடும். அவர்கள் இதைத் தேடி ஏமாற வேண்டாம். அப்புறம், ஏற்றம் தெரிவதற்குள் கருமுட்டை வெளியேறி முடிந்திருக்கும். ஆகவே இதை நம்பி ‘பாதுகாப்பான நாள்’ கணக்குப் போடுவது ஆபத்து, தயவுசெய்து செய்யாதீர்கள்.

எனக்கு உண்மையில் உதவியது வேறு ஒன்று. போன வருடம் தொடர்ந்து மூன்று சுழற்சிகளில் முன்பாதி எண் 61-இலிருந்து 63, 65, 67 என்று ஏறியது. பின்பாதியும் அதற்கு மூன்று மேலேயே நின்றது. இடைவெளி மாறவில்லை, தரை உயர்ந்திருந்தது. அந்த மூன்று மாதமும் ரத்தப்போக்கு அதிகமாக இருந்தது. வேலை அலைச்சல் என்று சொல்லித் தள்ளிப்போட்டிருந்தேன். நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, “போக்கு எத்தனை நாள் இருக்கும்மா? படி ஏறினா மூச்சு வாங்குதா?” என்று கேட்டார். தைராய்டுக்கும் ஹீமோகுளோபினுக்கும் எழுதிக் கொடுத்தார். தைராய்டு சரி. ஹீமோகுளோபின்தான் குறைவு, 9.4.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது குறைந்தால் இதயம் கூடுதலாக அடித்து ஈடுகட்டும், அதுதான் தரை உயர்ந்ததற்குக் காரணம் என்றார். இரும்புச்சத்து மாத்திரை எடுத்த நான்காவது மாதம் முன்பாதி 62, பின்பாதி 65.