மழை விடக் காத்த படை, ஆறு உறையக் காத்த படை

தக்காணத்தில் மராத்தியர் பொதுவாக விஜயதசமிக்குப் பின்தான் படையெடுப்பார்கள். மழைக்காலத்தில் ஆறுகள் பெருகும். கரிசல் சேறு பீரங்கி வண்டிச் சக்கரத்தை விழுங்கிவிடும். மழை சில சமயம் பிந்தியும் வரும்: 1700 அக்டோபரில் மாண் நதி இரவில் பெருகி மராத்தியரோடு போரிட வந்திருந்த முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் முகாமுக்குள் புகுந்தது. தப்பி ஓடியதில் அவருக்கு முழங்கால் பிசகியது. அப்புறம் கடைசிவரை நொண்டித்தான் நடந்தார்.

ரஷ்யாவில் மங்கோலியர் குளிரையே தேர்ந்தெடுத்தார்கள். உறைந்த ஆறுகள்தான் காட்டுக்குள் பாதை. குதிரைகள் குளம்பால் பனியைக் கிளறிப் புல் மேய்ந்தன. 1237 டிசம்பரில் ரியாசான், 1238 பிப்ரவரியில் விளாதிமிர் ஆகிய நகரங்கள் வீழ்ந்தன.

இரண்டில் மங்கோலியர் வழிதான் ஆபத்தானது. பனி உருகினால் பாதையே போய்விடும். நோவ்கொரோத் நகரை நெருங்கியும் மார்ச்சில் அவர்கள் திரும்பியதற்கு, வரப்போகும் சேறே காரணம் என்று நினைக்கிறேன்.