கட்டன் டீயா, லெமன் டீயா: பல்லுக்கு எது பரவாயில்லை?

கட்டன் டீ குடித்தால் பல் கறுக்கிறது என்று லெமன் டீக்கு மாறுகிறவர்கள் நிறையப் பேர். பல்லை மட்டும் வைத்துப் பார்த்தால், நான் கட்டன் டீ பக்கம்தான் நிற்பேன். கறையை எடுத்துவிடலாம், கரைந்த எனாமல் திரும்ப வளராது.

பல் துலக்கிய சில நிமிடங்களிலேயே எச்சிலில் உள்ள புரதங்கள் பல்லின் மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். தேயிலையைப் பதப்படுத்தும்போது ஆக்சிஜனேற்றத்தால் உருவாகும் செம்பழுப்பு நிறமிகள் இந்தப் புரதங்களோடு ஒட்டிக்கொள்கின்றன. டீ குடித்ததும் வாயில் தெரியும் துவர்ப்பும் எச்சில் புரதங்களோடு டீ சேர்வதால் வருவதுதான். பால் டீயில் கறை குறைவு. அந்த நிறமிகளைப் பாலிலுள்ள கேசின் என்ற புரதம் முதலிலேயே பிடித்துக்கொள்கிறது. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கொப்பளிக்கிறவர்களுக்குக் கறை இன்னும் அழுத்தமாகப் படியும்.

எலுமிச்சை பிழிந்ததும் டீ வெளுப்பது அமிலத்தில் நிறமிகளின் நிறம் மாறுவதால்தான். நிறமிகள் எங்கும் போய்விடவில்லை. கட்டன் டீயின் பிஎச் 5-ஐ ஒட்டி இருக்கும், எனாமல் கரையத் தொடங்கும் 5.5-க்குச் சற்றே கீழே. தாராளமாக எலுமிச்சை பிழிந்தால் 3 பக்கம் இறங்கிவிடும். பிஎச் அளவில் ஓர் எண் குறைந்தாலே அமிலம் பத்து மடங்கு. இங்கே நூறு மடங்கு. போதாததற்குச் சிட்ரிக் அமிலம் பல்லின் கால்சியத்தையும் பற்றி இழுக்கும்.

காலை 7 மணிக்கு லெமன் டீ குடிக்கிறவர் எப்போது பல் துலக்குவது? குடித்த கையோடு துலக்கினால், அமிலத்தில் மிருதுவான எனாமலின் மேல்பரப்பை பிரஷும் பேஸ்டும் சேர்ந்து தேய்த்தெடுக்கும். ஒருநாளில் ஒன்றும் தெரியாது, தினமும் செய்தால் சேதம் சேரும். அரைமணி நேரம் பொறுப்பது வழக்கமான அறிவுரை. அது கொஞ்சம் உதவும், ஆனால் எச்சில் அந்தப் பரப்பை முழுதாக இறுக்க அரைமணி போதாது. அதனால் எழுந்ததும் ஃப்ளோரைடு பேஸ்டால் துலக்கிவிட்டு, பிறகு டீ குடித்து, தண்ணீரில் கொப்பளிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரே மூச்சில் குடித்து முடிப்பதும் நல்லது. மணிக்கணக்கில் உறிஞ்சினால் பல் அத்தனை நேரமும் அமிலத்தில் இருக்கும். வெறும் கட்டன் டீக்கு இத்தனை கவலை தேவையில்லை.

கறையைப் போக்க கரித்தூள் போட்டுத் தேய்ப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அதுவும் லெமன் டீ குடித்த வாயில் செய்தால் இரட்டை அடி.

கறையா, எனாமல் அரிப்பா என்று கண்ணாடியில் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஈறு ஓரத்திலும், பல் இடுக்கிலும், கீழ்முன்பற்களின் உட்புறத்திலும் பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் கறை. கிளினிக்கில் ஸ்கேலிங், பாலிஷ் செய்தால் போய்விடும். முன்பல் நுனி கண்ணாடி போலத் தெரிந்தாலோ, கடைவாய்ப்பல் முகடுகளில் சிறு குழிகள் விழுந்தாலோ, குளிர்ந்த தண்ணீர் பட்டதும் கூசினாலோ அரிப்பைச் சந்தேகித்துப் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.