எச்சரிக்கை: 12 டெசிபெல் என்று அச்சடித்த கிராஸ்ஓவர் போர்டில் ட்வீட்டர் காயில் வெறும் பொம்மை

டூ-வே பெட்டிக்கான ரெடிமேட் பேசிவ் கிராஸ்ஓவர் போர்டு வாங்கப்போகிறவர்கள், வாங்கிப் பெட்டிக்குள் ஏற்கெனவே மாட்டிவிட்டவர்கள், இரு தரப்பும் இதைப் படித்துவிடுங்கள். போர்டின் மேல் ‘3000 ஹெர்ட்ஸ், 8 ஓம், ஆக்டேவுக்கு 12 டெசிபெல்’ என்று அச்சு. இரண்டு காயில், இரண்டு கெபாசிட்டர். பார்வைக்குக் குறையே இல்லை. அதில் மாட்டிய ட்வீட்டர் முதலில் பாட்டுக்குரலில் கரகரத்தது, பிறகு சத்தமே இல்லாமல் போனது. ஓம் அளந்தால் வாய்ஸ் காயில் அறுந்திருக்கிறது. விற்றவர் சொன்ன பதில், “வால்யூமைக் கூட்டி வைத்திருப்பீர்கள்.”

போர்டைத் திருப்பிப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. ட்வீட்டர் பக்கத்துக் காயிலின் இரண்டு கால்களும் ஒரே அகலமான செம்புப் பட்டையில், மைனஸ் தடத்தில், பக்கத்துப் பக்கத்தில் சால்டர் செய்யப்பட்டிருந்தன. அந்தக் காயிலில் சிக்னல் ஓடவே வழியில்லை. எண்ணிக்கைக்காக ஒட்டிவைத்த காயில் அது.

இது ஏன் ட்வீட்டரைக் கொல்லும் என்பதற்கு, கிராஸ்ஓவர் செய்யும் வேலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கெபாசிட்டரின் தடை, அலைவெண் ஒரு ஆக்டேவ் இறங்கினால், அதாவது பாதியானால், இரட்டிக்கும். காயில் இதற்கு நேர்மாறு. அலைவெண் இறங்க இறங்க அதன் தடையும் பாதி பாதியாகக் குறையும். அதனால்தான் ட்வீட்டருக்கு முன்னால் தொடராகக் கெபாசிட்டரும் வூஃபருக்கு முன்னால் தொடராகக் காயிலும் வைக்கிறோம். ஒரு பாதையில் இப்படி ஒரே ஒரு பாகம் இருந்தால் அது முதல் ஆர்டர்: ஆக்டேவுக்கு 6 டெசிபெல். இரண்டாம் ஆர்டரில் ட்வீட்டருக்குக் குறுக்கே, பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையில், ஒரு காயிலும் சேரும். கெபாசிட்டரைத் தாண்டி வந்த கீழ் அலைவெண்களை அது ட்வீட்டருக்குப் போகவிடாமல் மைனஸுக்கு இழுத்துக்கொள்ளும். சரிவு ஆக்டேவுக்கு 12 டெசிபெல் ஆகிவிடும். வூஃபர் பக்கம் இதே போல, தொடர் காயிலுக்குப் பின் குறுக்கே ஒரு கெபாசிட்டர்.

8 ஓமுக்கு, 3000 ஹெர்ட்ஸில், பட்டர்வொர்த் வகை இரண்டாம் ஆர்டருக்கான கணக்கு இது:

```
C = 0.1125 / (f × R) = 0.1125 / (3000 × 8) = 4.7 µF
L = 0.2251 × R / f  = 0.2251 × 8 / 3000  = 0.6 mH
```

அந்தப் போர்டில் இருந்த கெபாசிட்டர் சரியாக 4.7 மைக்ரோஃபாரட். மதிப்பைப் படித்துக் கணக்கோடு ஒப்பிடுகிறவரும் ஏமாந்துபோவது இதனால்தான். ஆனால் குறுக்குக் காயில் வேலை செய்யாதபோது, அதே கெபாசிட்டர் 8 ஓமோடு சேர்ந்து சுமார் 4200 ஹெர்ட்ஸில் வெட்டும் முதல் ஆர்டர் ஃபில்டராகிவிடுகிறது. “3000-க்கு மேலேயே வெட்டுகிறது, ட்வீட்டருக்கு இன்னும் பாதுகாப்புதானே” என்று விற்பவர் வாதாடலாம். கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வாதம் ட்வீட்டரை எப்போதும் 8 ஓம் ரெசிஸ்டராக நினைத்துக்கொள்கிறது.

ட்வீட்டருக்கு ஒரு ரெசனன்ஸ் உண்டு. ஒரு டோம் ட்வீட்டருக்கு அது 1000 ஹெர்ட்ஸில் இருக்கிறது, அங்கே அதன் இம்பீடன்ஸ் 20 ஓமுக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபெரோஃப்ளூயிட் இல்லாத ட்வீட்டரில் இப்படி ஏறுவது சாதாரணம். 8 ஓமில் 50 வாட் தரும் ஆம்ப் 20 வோல்ட் கொடுக்கும். 1000 ஹெர்ட்ஸில் 4.7 மைக்ரோஃபாரடின் தடை கிட்டத்தட்ட 34 ஓம். ட்வீட்டரே 20 ஓம் ஆகி நிற்பதால், தனிக் கெபாசிட்டரைத் தாண்டி அதற்குப் போவது சுமார் 10 வோல்ட். குறுக்கே 0.6 மில்லிஹென்றி காயில் உண்மையாகவே இருந்திருந்தால், அந்த இடத்தில் காயிலின் தடை 4 ஓமுக்கும் கீழே. ட்வீட்டருக்குக் கிடைப்பது 2.4 வோல்ட்தான். வோல்டேஜில் நான்கு மடங்கு, பவரில் பதினேழு மடங்கு வித்தியாசம். இம்பீடன்ஸ் ஏறும் இடத்தில் கெபாசிட்டர் தனியாக நின்றால் அதன் பிடி தளர்ந்துவிடும். குறுக்குக் காயில் இருந்தால் அந்த ஏற்றம் பெரிதாகப் பாதிக்காது.

டோம் எவ்வளவு தூரம் அசைகிறது என்பது அடுத்த சங்கதி. வோல்டேஜ் மாறாமல் இருந்தால், ரெசனன்ஸ் வரைக்கும் ஒவ்வொரு ஆக்டேவ் இறங்கும்போதும் டோமின் அசைவு நான்கு மடங்காகும். முதல் ஆர்டர் அதில் பாதியைத்தான் அடக்கும். ஆகவே அசைவு ஆக்டேவுக்கு இரட்டித்துக்கொண்டே போகும். இரண்டாம் ஆர்டரில் அது ஏறாமல் ஒரே அளவில் நிற்கும். பாட்டுக்குரல் நிறைந்திருக்கும் 800 முதல் 1500 ஹெர்ட்ஸ் பகுதியில் கரகரப்பு வந்ததன் காரணம் இதுதான்: டோம் தன் எல்லையைத் தாண்டி ஆடிக்கொண்டிருந்தது. முதல் ஆர்டரே கூடாது என்று சொல்ல வரவில்லை. ரெசனன்ஸ் நன்றாகக் கீழே இருக்கும் ட்வீட்டருக்கு, வெட்டும் இடத்தை உயரத்தில் வைத்து, குறைந்த பவரில் அதை அழகாகப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. 12 என்று எழுதி 6-ஐ விற்பதுதான் அநியாயம்.

வாங்கும்போதே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். எதையும் இணைக்காமல் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, போர்டின் ட்வீட்டர் பிளஸ், மைனஸ் முனைகளில் தொடுங்கள். குறுக்குக் காயில் இருந்தால் ஒரு ஓமுக்குக் குறைவாகக் காட்டும். `OL` என்று வந்தால் காயில் இல்லை, அல்லது பொம்மை. ட்வீட்டர் சத்தத்தைக் குறைக்க ரெசிஸ்டர் வைத்த போர்டுகளில் இரண்டு மூன்று ஓம் காட்டுவது சகஜம். பத்து ஓம் அளவில் காட்டினால் நீங்கள் பார்ப்பது ரெசிஸ்டரை மட்டும். தடத்தைக் கண்ணால் பின்தொடர்ந்து உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்து இன்புட் பிளஸ்ஸிலிருந்து வூஃபர் பிளஸ்ஸுக்கு ஒரு ஓமுக்குக் குறைவாக வரவேண்டும். இன்புட் பிளஸ்ஸிலிருந்து ட்வீட்டர் பிளஸ்ஸுக்கு ஒரு கணம் எண் ஓடி, பிறகு `OL` ஆகவேண்டும். ஆகாவிட்டால் கெபாசிட்டர் ஷார்ட்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் போர்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பொம்மைக் காயிலைக் கழற்றி எல்சிஆர் மீட்டரில் அளந்து பாருங்கள். 0.6 மில்லிஹென்றிக்கு அருகில் இருந்தால், ஒரு காலை மைனஸிலேயே விட்டு, மற்றதைக் கெபாசிட்டருக்குப் பின்னால் ட்வீட்டர் பிளஸ் தடத்தில் சால்டர் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஏர்கோர் காயில் ஒன்று வாங்கி, வூஃபர் காயிலுக்குச் செங்குத்தாகத் திருப்பி வையுங்கள். கெபாசிட்டரில் மைனஸ் பட்டை அச்சடித்திருந்தால் அது டிசி-க்கான எலக்ட்ரோலிட்டிக். 4.7 மைக்ரோஃபாரட், 100 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் அல்லது பைபோலார் ஒன்றை மாற்றிவிடுங்கள்.

மாற்றிய பிறகு ட்வீட்டரின் வயர்களைத் தலைகீழாக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு பாதைகளும் உண்மையான இரண்டாம் ஆர்டராக இருந்தால், 3000 ஹெர்ட்ஸில் இரண்டுக்கும் இடையே 180 டிகிரி ஃபேஸ் வித்தியாசம். நேராக இணைத்தால் அங்கே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 3000 ஹெர்ட்ஸ் டோனைச் சன்னமாக ஓடவிட்டு இரண்டு விதமாகவும் இணைத்துக் கேளுங்கள். சத்தம் அதிகமாக வருவதே சரியான இணைப்பு.

இந்தச் சோதனையில் ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். ட்வீட்டரையோ வூஃபரையோ கழற்றிவிட்டு, போர்டை மட்டும் ஆம்போடு ஓடவிடக் கூடாது. ட்வீட்டர் இல்லாதபோது 4.7 மைக்ரோஃபாரடும் 0.6 மில்லிஹென்றியும் தொடராக நின்று, 3000 ஹெர்ட்ஸில் ஆம்புக்கு ஏறக்குறைய ஷார்ட் ஆகத் தெரியும். வூஃபர் பக்கமும் அப்படியே. வயரை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஆம்பை அணைத்துவிட்டு மாற்றுங்கள். ட்வீட்டர் அறுந்துபோன பெட்டியையும் அதே காரணத்துக்காகப் பாட விடாதீர்கள்.