பிங்-பாங்கா, சீக்வென்ஷியலா? இணைகோடுகளை எவ்வளவு நம்பலாம்

A, B என்று வரிசையாக இரண்டு சப்ஸ்ட்ரேட் கொண்ட நொதியில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: B உள்ளே வருவதற்கு முன்பே முதல் விளைபொருள் வெளியே போய்விடுகிறதா?

போய்விட்டால் அது பிங்-பாங். அஸ்பார்டேட் அமினோடிரான்ஸ்ஃபரேஸை எடுத்துக்கொள்ளுங்கள். அஸ்பார்டேட் வந்து தன் அமினோ தொகுதியை நொதியில் உள்ள பிரிடாக்சல் பாஸ்பேட்டிடம் கொடுத்துவிட்டு ஆக்சலோஅசிட்டேட்டாகக் கிளம்பிவிடும், அப்புறம்தான் ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட் வந்து அந்தத் தொகுதியை வாங்கிக்கொண்டு குளூட்டமேட்டாகும். லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் அப்படியில்லை: முதலில் NADH, பிறகு பைருவேட், இரண்டும் சேர்ந்து உட்கார்ந்த பிறகே வினை. இது சீக்வென்ஷியல்.

சோதனையில் B-யின் சில அளவுகளை நிலையாக வைத்து, ஒவ்வொன்றிலும் 1/v-ஐ 1/[A]-க்கு எதிராக வரைகிறோம். இங்கே v என்பது ஆரம்ப வேகம், V உச்ச வேகம், KA-யும் KB-யும் A, B-யின் மைக்கேலிஸ் மாறிலிகள், Kia என்பது A நொதியிலிருந்து கழலும் பிரிகை மாறிலி.

```
பிங்-பாங்:     சாய்வு = KA/V
சீக்வென்ஷியல்: சாய்வு = (KA/V)(1 + Kia·KB/(KA·[B]))
```

A மிகக் குறைவாக இருக்கும்போது வேகத்தைத் தீர்மானிப்பது A நொதியில் சேரும் படிதான், அந்த நிலையைத்தான் சாய்வு காட்டுகிறது. பிங்-பாங்கில் முதல் விளைபொருள் வெளியேறிவிட்டது, கரைசலிலும் அது இல்லை, ஆக அந்தப் பாதி வினை திரும்பி வர வழியில்லை. பின்னால் வரும் B எவ்வளவு இருந்தாலும் சாய்வு மாறாது, கோடுகள் இணையாக மேலே கீழே நகரும், அவ்வளவுதான். சீக்வென்ஷியலில் A ஒட்டிய பிறகும் கழன்றுவிடலாம், B வந்து பிடித்துவைத்தால்தான் உண்டு, அதனால் B குறையக் குறைய சாய்வு ஏறும், கோடுகள் y-அச்சுக்கு இடப்புறம் ஒரு புள்ளியில் சந்திக்கும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். V = 100, KA = 2, KB = 1, Kia = 2 என்று ஒரு சீக்வென்ஷியல் நொதி இருக்கட்டும் (செறிவுகள் மில்லிமோலாரில்). B-யை 1-லிருந்து 0.25-க்கு இறக்கினால் சாய்வு 0.04-லிருந்து 0.10 ஆகிறது, கண்ணாலேயே தெரிந்துவிடும். அதே நொதிக்கு Kia 0.1 ஆக இருந்தால்? 0.021-லிருந்து 0.024 மட்டுமே. அளவீட்டுப் பிழையில் இது கரைந்துபோய் கோடுகள் இணையாகத்தான் தெரியும், நீங்களும் பிங்-பாங் என்று எழுதிவிடுவீர்கள். B-யை 0.05 வரை இறக்கிப் பாருங்கள், சாய்வு 0.04 ஆகி குட்டு வெளிப்பட்டுவிடும்.

எனவே வெட்டிக்கொள்ளும் கோடுகளை நான் நம்புவேன், இணைகோடுகளைச் சந்தேகிப்பேன். (முதல் விளைபொருள் கரைசலில் கலந்திருந்தால் பிங்-பாங்கின் கோடுகளும் வெட்டிக்கொள்ளும், அதனால் ஆரம்ப வேகத்தையே அளக்க வேண்டும்.) இணையாக வந்தால் B-யே இல்லாமல் A-யை மட்டும், அமினோடிரான்ஸ்ஃபரேஸ் என்றால் அஸ்பார்டேட்டை மட்டும், நொதியில் சேர்த்துப் பாருங்கள். பிரிடாக்சல் பாஸ்பேட்டுக்கு 360 நானோமீட்டர் அருகே உள்ள ஒளி உட்கவர்ச்சி 330 பக்கம் நகர்ந்தால் அமினோ தொகுதி நொதியில் ஏறிவிட்டது, பாதி வினை நடக்கிறது. லாக்டேட் டிஹைட்ரஜனேஸில் பைருவேட் இல்லாமல் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் NADH அப்படியேதான் இருக்கும்.