500 சட்டித் தயிருக்கு ஒரே ஓடர் வந்தால், விலை பேசுமுன் இதைப் பாருங்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கங்களில் எருமைத் தயிர் போட்டுக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடந்த ஆடி மாதம் ஒரு தரகர் என்னிடம் வந்ததைப் போலவே வேறு ஊர்களிலும் போய்க் கேட்டிருப்பதாக அறிகிறேன். அவருடைய பெயரையோ, அவர் எந்த விருந்துக்காக வாங்கினார் என்பதையோ இங்கே சொல்லப் போவதில்லை. அவர் கேட்ட விதமும் நான் கணக்குப் பார்த்த விதமும் தெரிந்தால் போதும். ஏமாற்றியது அவர்தான் என்றாலும், அவருக்கு அந்த இடத்தைக் கொடுத்தது என் கணக்கு.

நான் படுவான்கரையில் இருக்கிறேன். பட்டிக்காரர் இருவர் காலையில் கொண்டுவரும் பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு, சட்டியில் ஊற்றி உறை வைத்து, மறுநாள் விடியற்காலையில் வண்டியில் ஏற்றுகிறோம். தரகர் வந்த காலத்தில் நாளொன்றுக்கு 90 சட்டி. எல்லாம் ஒரு லீற்றர்ச் சட்டி. மட்டக்களப்பு நகரம், ஏறாவூர், களுவாஞ்சிக்குடி என்று எட்டுக் கடைகள் அதை எடுத்தன. கடைக்கு 480 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். ஒரு சட்டிக்குப் போகும் பாலுக்கு 240, மண்சட்டிக்கு 70, விறகு, கூலி, போக்குவரத்து, மூடிக் கட்டும் கடதாசி எல்லாம் சேர்ந்து 60 என்று, ஒரு சட்டி 370 ரூபாயில் முடிகிறது. மிச்சம் 110.

தரகர் கேட்டது 500 சட்டி, ஒரே நாள், வெள்ளிக்கிழமை காலையில். விலை 400. "அக்கா, ஒரே தடவையில ரெண்டு லட்சத்துக்கு வியாபாரம், ஒரு கடைக்கும் அலையத் தேவையில்ல. இது நல்லா நடந்தா மாசா மாசம் உங்களிட்டத்தான்" என்றார். நான் அந்த இடத்திலேயே மனக்கணக்குப் போட்டேன்: 400இல் 370 போனால் 30, அது 500 தடவை என்றால் 15,000. குறைந்த இலாபம்தான், ஆனாலும் நட்டமில்லை என்று நினைத்து 20,000 முற்பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டேன். என்னுடைய முதல் பிழையும் பெரிய பிழையும் இந்தக் கணக்குத்தான்.

தயிர் அரிசி மாதிரி மூட்டை கட்டி வைத்துச் சேர்க்கக்கூடிய பொருள் அல்ல. திங்கட்கிழமை உறை வைத்த சட்டி, குளிரூட்டி இல்லாத என்னுடைய கொட்டிலில் வெள்ளிக்கிழமை வரும்போது புளித்துவிடும். ஆகவே 500 சட்டியையும் புதன், வியாழன் ஆகிய இரண்டு நாட்களுக்குள்தான் போட்டாக வேண்டும். அதாவது நாளுக்கு 250. என்னுடைய அடுப்பிலும் அண்டாவிலும் நெருக்கினால் 130 வரை போகும். அயலில் அண்டா இரவல் வாங்கி, இரண்டு ஈடாகக் காய்ச்சி, ஆள் கூட்டி, 250ஐ எட்டலாம்தான். ஆனால் அந்த 250ஐத் தாண்டி இன்னொரு சட்டிக்கும் இடமில்லை. அப்படியென்றால் எட்டுக் கடைக்கும் இரண்டு நாளைக்குத் தயிர் இல்லை.

அந்த இரண்டு நாளில் நான் கொடுக்காமல் விட்ட 180 சட்டிக்கும், ஒவ்வொன்றுக்கு 110 வீதம், 19,800 ரூபாய் எனக்கு எப்படியும் வந்திருக்கும். ஓடர் தரும் 15,000இல் இருந்து இதைக் கழித்தாலே கணக்கு 4,800 கீழே போய்விடுகிறது. அதற்கு மேலே, என் பட்டிக்காரரிடம் இரண்டு நாளைக்கு 180 சட்டிக்குரிய பால்தான் இருக்கிறது. மிச்சம் 320 சட்டிக்கும் வெளியே பால் பிடிக்க வேண்டும். ஆடி மாதத்தில் கச்சான் காற்று அடித்துப் புல் காய்ந்து, பட்டிகளில் கறவை இறங்கிப் போயிருக்கும் நேரம் அது. கூடுதல் பால் சட்டிக்கு 30 ரூபாய் அதிகமாகத்தான் கிடைத்தது, அது 9,600. கூட்டிய ஆட்களுக்கும் இரவல் அண்டாவை ஏற்றி இறக்கியதற்கும் 6,000. எல்லாவற்றையும் சேர்த்தால், தரகர் ஒரு சதம் குறைக்காமல் முழுத் தொகையையும் தந்திருந்தாலும் எனக்கு 20,400 நட்டம்.

இதை விலையாக மாற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். 500 சட்டியின் வழமையான செலவு 1,85,000. அதனோடு கூடுதல் பாலுக்கு 9,600, கூலி 6,000, கடைகளிடம் இழந்த 19,800. மொத்தம் 2,20,400. அதை 500ஆல் பிரித்தால் ஒரு சட்டிக்கு ஏறக்குறைய 441 ரூபாய். அந்த வாரத்தில், அந்த அளவுக்கு, 441க்குக் கீழே எந்த விலையும் எனக்கு நட்டமே. 400க்கும் 370க்கும் இடையில் நின்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, உண்மையான எல்லை 41 ரூபாய் மேலே இருந்திருக்கிறது.

இதே 400 ரூபாய், மாரி மழை ஓய்ந்து புல் தளிர்த்து, பட்டிக்காரர் "இந்தப் பாலையும் எடுங்க அக்கா" என்று குறைந்த விலைக்குக் கொண்டுவந்து இறக்கும் மாதங்களில் வந்திருந்தால் கதை வேறு. அப்போது என்னிடம் நாளுக்கு 40 சட்டி போடச் சும்மா கிடக்கும் அடுப்பும் அண்டாவும் இருக்கின்றன, பாலும் இருக்கிறது, எந்தக் கடையின் பங்கையும் தொடத் தேவையில்லை. அந்த 40க்கு 400 தந்தால் மகிழ்ச்சியோடு கொடுப்பேன். அதனால் மலிவு விலை ஓடர் என்றாலே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அது சும்மா கிடக்கும் அடுப்பில் வேகிறதா, கடைக்காரரின் சட்டியைப் பிடுங்கி வேகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான் அதைப் பார்க்கவில்லை. போதாததற்கு அது மாமாங்கேஸ்வரர் தீர்த்த வாரம். ஆடி அமாவாசைக்கு மரக்கறிச் சோறு சமைக்காத வீடு குறைவு, கடைகள் தாமாகவே கூடுதல் சட்டி கேட்கும் காலம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். வெளியே பிடித்த பாலில் ஒரு கான் எனக்குப் பழக்கமில்லாத ஒருவரிடமிருந்து வந்தது. காய்ச்சும்போதே ஆடை மெல்லியதாகக் கட்டியதைக் கண்டேன்; அவசரத்தில் ஊற்றிவிட்டேன். நல்ல எருமைத் தயிர் என்றால் சட்டியைச் சரித்தாலும் அசையாது, அகப்பையால் வெட்டி எடுத்த இடம் சுவர் மாதிரி நிற்கும். வியாழக்கிழமை போட்டதில் ஒரு வரிசைச் சட்டி சரித்ததும் ஓரத்தில் நீர் விட்டது. புதுச் சட்டி தண்ணீரை உறிஞ்சிச் சரியாக்கிவிடும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். சட்டி உறிஞ்சுவது ஓரளவுக்குத்தான். பாலில் கலந்த தண்ணீரை அது திருப்பி எடுக்காது.

வெள்ளிக்கிழமை காலையில் தரகரின் வாகனம் வந்தது. 380 சட்டியை ஏற்றிய பிறகு, "ஆக்கள் குறைஞ்சிட்டாங்க அக்கா, இவ்வளவுதான் வேணும்" என்றார். எழுத்தில் ஒன்றும் இல்லை. 500 என்று பேசியதற்குச் சாட்சி என் தாயார் மட்டும். மிச்சம் 120 சட்டியோடு என் எட்டுக் கடைகளுக்கும் ஓடினேன். இரண்டு நாளாகத் தயிர் வராததால் எல்லோரும் வேறு ஆட்களிடம் எடுத்து நிரப்பியிருந்தார்கள். 70 சட்டியை 250க்குக் கொடுத்தேன். 50 சட்டி மோராகவும் அயல் வீடுகளுக்குமாகப் போனது. பணம் ஏழு வாரம் கழித்து வந்தது, நீர் விட்ட சட்டிக்கென்று 12,000 கழித்து. அந்தக் கழிவில் ஒரு பகுதி நியாயம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் எத்தனை சட்டி பழுது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. கையிலிருந்து போன 2,00,600க்கு எதிராகத் திரும்பி வந்தது 1,57,500. கடைகளிடம் இழந்ததையும் சேர்த்தால் அந்த ஓடரின் விலை 62,900 ரூபாய். மாதா மாதம் வரும் என்ற அடுத்த ஓடரைப் பற்றிப் பேச அவர் தொலைபேசியை எடுப்பதும் இல்லை.

இப்படி ஒருவர் உங்களிடம் வந்தால், 400ஆ 440ஆ என்று பேசுவதற்கு முன் எழுதி வாங்க வேண்டியவை உண்டு. உறை வைக்கும் நாள் காலைக்குப் பிறகு எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. ஏனென்றால் உறை ஊற்றிய பாலைப் பட்டிக்காரருக்குத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. முற்பணம் பாலும் சட்டியும் வாங்கப் போதுமான அளவுக்கு இருக்க வேண்டும். என்னுடைய ஓடரில் அது ஒன்றரை இலட்சத்துக்கு மேல். நான் வாங்கியதோ 20,000. அதற்கு மறுக்கிறவர், எண்ணிக்கை குறைந்தால் அந்தப் பாரம் உங்கள் தலையில் விழட்டும் என்றுதான் எண்ணியிருக்கிறார். பழுதென்றால் உங்கள் கொட்டிலில் வைத்தே சட்டியைத் திறந்து பார்த்துக் கழிக்க வேண்டும், கொண்டுபோன பிறகு சொல்வது செல்லாது. "அடுத்த மாதமும் வரும்" என்ற பேச்சுக்காக விலையில் ஒரு ரூபாயும் இறங்காதீர்கள். அடுத்த ஓடர் உண்மையாகவே வந்தால், அப்போது இறங்கலாம்.

இரண்டு நாள் இடைவெளியை முன்கூட்டியே கடைகளுக்குச் சொல்லிப் பாதியாவது கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்க வேண்டும்தான். வெட்கத்தில், பால் குறைவு என்று பொய் சொன்னேன். இரண்டாம் நாள் தரகரின் ஓடரைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆறு கடைகள் ஒரு வாரத்தில் பழையபடி எடுத்தன. நாளுக்குப் பதினைந்து சட்டி வீதம் எடுத்த இரண்டு கடைகள் திரும்பவில்லை. அந்த 30 சட்டியால் எனக்குத் தினமும் 3,300 ரூபாய் வந்துகொண்டிருந்தது. ஏறாவூர்க் கடைக்காரரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "தீர்த்த நேரத்தில என்ட ராக்கையைக் காலியா வைக்க ஏலாது தங்கச்சி, மத்த ஆளுக்கும் வாக்குக் குடுத்திட்டன்" என்றார், கோபமில்லாமல். மூன்று மாதம் கழித்து அவர் திரும்பவும் எடுக்கத் தொடங்கியிருக்கிறார். ஆறு சட்டி.