தொழுகை அரபியிலா, தமிழிலா?

புதிதாகத் தொழக் கற்பவர்களுக்கு வரும் தயக்கம் இது: பொருள் தெரியாமல் அரபியில் ஓதுவதா, புரிகிற தமிழில் வேண்டுவதா?

பொருள்: தமிழ் உடனே நெஞ்சில் படும். அரபிக்கு உழைக்க வேண்டும். ஆனால் ஒரு நாளின் கடமையான 17 ரக்அத்திலும் திரும்ப வருவது குர்ஆனின் முதல் அத்தியாயமான, ஏழே வசனமுள்ள அல்ஃபாத்திஹாதான். நாளுக்கு ஒரு வசனத்தின் பொருளைப் படித்தால் ஒரு வாரம் போதும்.

ஒருமை: அரபியில் கற்றால் எந்த ஊர்ப் பள்ளிவாசலிலும் இமாமோடு சேர்ந்து தொழலாம். தமிழில் அது இயலாது.

சட்டம்: ஹனஃபி சட்டப் பிரிவின் முன்னோடியான இமாம் அபூஹனீஃபா பாரசீகத்தில் ஓதுவதையும் ஏற்றார். அவருடைய மாணவர்கள் அபூயூசுஃபும் முஹம்மது அஷ்ஷைபானீயும், அரபி ஓத இயலாதவருக்கு மட்டுமே அந்தச் சலுகை என்றார்கள். இன்றைய நடைமுறையில் தொழுகைக்குள் ஓதுவது அரபிதான். கத்தோலிக்கர்கள் வேறு வழியில் போனார்கள்: 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருப்பலியில் தாய்மொழிக்கு இடம் தந்தது. தமிழ்நாட்டுக் கோயில்களில் கேட்டால் தமிழ் அர்ச்சனையும் உண்டு. 'நமஹ' வரும் இடத்தில் 'போற்றி'.

என் முடிவு: தொழுகைக்கு அரபி. ஸலாம் கொடுத்து முடித்தபின் கையேந்திக் கேட்கும் துஆவுக்குத் தமிழ். பிள்ளையின் காய்ச்சல் தணியவும் கடன் அடையவும் அரபிச் சொல் தேடித் தவிக்க வேண்டியதில்லை.