வெயில் படும் சுவரில் தெர்மோஸ்டாட்: அளவைத் திருத்துவதா, இடத்தை மாற்றுவதா, உணரியை மட்டும் நகர்த்துவதா?

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த எங்கள் தொடர்மாடி வீட்டின் கூடத்தில், மேற்கு யன்னலுக்கு நேரெதிர்ச் சுவரிலேயே குளிரூட்டியின் தெர்மோஸ்டாட் பொருத்தப்பட்டிருந்தது. பிற்பகல் 3.30 மணியிலிருந்து வெயில் நேராக அதன்மேல் விழும். 25 பாகையில் வைத்திருந்தும், 4.30 மணிக்கு அது 26 என்று காட்டிக் குளிரூட்டியை ஓடவிட்டுக்கொண்டே இருந்தது. அதே உயரத்தில், நிழலில் தொங்கவிட்ட சாதாரண வெப்பமானியோ 23 என்றது. இரவில் இரண்டுக்கும் அரைப் பாகைதான் வித்தியாசம்.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. செலவே இல்லாதது, தெர்மோஸ்டாட்டின் அமைப்புக்குள் போய் அது காட்டும் அளவைக் குறைத்துத் திருத்துவது. பிழை எந்நேரமும் ஒரே அளவாக இருந்தால் இதுவே போதும். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. மாலைப் பிழையான 3 பாகையை நான் கழித்து வைத்தபோது, இரவில் அறை உண்மையில் 27.5 பாகையை எட்டும்வரை அது 25 என்று காட்டவில்லை. ஆகவே குளிரூட்டியும் ஓடவில்லை. வெயில் உண்டாக்கும் பிழை மணிக்கு மணி மாறுவதால், நிலையான ஒரு திருத்தம் மாலையைச் சரிசெய்து இரவைக் கெடுத்துவிடுகிறது. எனவே முடிவெடுக்கும் முன் ஒரு நாள் முழுவதும் மணிக்கொருமுறை இரண்டு அளவுகளையும் குறித்துப் பாருங்கள்.

தெர்மோஸ்டாட்டையே உட்சுவருக்கு மாற்றுவது முறையான தீர்வுதான். ஆனால் சுவரை வெட்டி, பூசி, மீண்டும் வர்ணம் அடிக்க வேண்டும். வாடகை வீட்டில் அதற்கு உரிமையாளரின் சம்மதமும் வேண்டும்.

நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி: தெர்மோஸ்டாட் இருந்த இடத்திலேயே இருக்க, வெப்பத்தை அறியும் உணரியை மட்டும் வயர் மூலம் வேறிடத்துக்குக் கொண்டுபோவது. அதை வெயில் படாத உட்சுவரில், தரையிலிருந்து ஏறக்குறைய 5 அடி உயரத்தில், குளிர்காற்று வரும் வாய்க்கு நேராக இல்லாதபடி வைத்தோம். குளிர்காற்று நேரே பட்டால் பிழை எதிர்ப்பக்கம் திரும்பி, அறை குளிர்வதற்கு முன்பே குளிரூட்டி நின்றுவிடும். தெர்மோஸ்டாட்டில் வெளியுணரிக்கான இணைப்பு இருக்கிறதா என்பதையும், வாங்கும் உணரி அதே மாதிரிக்கு உரியதா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். பொருந்தாத உணரி அளவை முற்றிலும் தவறாகக் காட்டும். உணரியின் வயரை மின்வயர் செல்லும் குழாயில் சேர்த்து இழுக்கக் கூடாது. இணைத்தபின் அமைப்பில் வெளியுணரியைத் தெரிவுசெய்யாவிட்டால், பழைய அளவே தொடரும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றியபோது, பின்னால் வயர் வரும் துளையினூடாகப் பொய்க்கூரையின் வெப்பக்காற்று இறங்குவதும் தெரிந்தது. துளையைப் புட்டியால் அடைத்ததும், இரவில் இருந்த அரைப் பாகை வித்தியாசமும் மறைந்தது. யாராயினும் இதை முதலில் செய்து பார்த்துவிட்டே பணம் செலவழிக்க வேண்டும்.

பராமரிப்பே என் தெரிவை உறுதிசெய்தது. வயர் உணரிக்கு பற்றரி இல்லை; பழுதானால் அதை மட்டும் மாற்றலாம், சுவரைத் தொடவேண்டியதில்லை. வயரில்லா உணரியை நான் பயன்படுத்தியதில்லை. இதிலும் என் அனுபவம் ஏழு மாதங்கள் மட்டுமே. இதுவரை மாலையிலும் இரவிலும் இரு அளவுகளும் அரைப் பாகைக்குள் ஒத்துப்போகின்றன.